அனிமேட்டிக்: அசைவூட்டக் குறும்படத்தின் ஓட்டத்தை முன்கூட்டியே சோதிக்கும் முறை

அனிமேட்டிக் என்பது, கதைப்பலகையில் வரையப்பட்ட அசையாப் படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு படமும் திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அளந்து, அதனுடன் தற்காலிக ஒலியைச் சேர்த்து உருவாக்கப்படும் முன்னோட்டப் படம் ஆகும். அசைவூட்டப் படம் வரையத் தொடங்கும் முன்னரே அதன் கதையோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இது செய்யப்படுகிறது.

கதைப்பலகையில் என்ன நடக்கிறது என்பது தெரியும். எவ்வளவு நேரம் நடக்கிறது என்பது தெரியாது. தாளில் உள்ள ஒரு கட்டத்தைப் படிப்பவர் தம் விருப்பம்போல் அரை வினாடியும் பார்க்கலாம், பத்து வினாடியும் பார்க்கலாம். திரையில் அந்த உரிமை அவருக்கு இல்லை. அங்கே நேரத்தைத் தீர்மானிப்பவர் படைப்பாளி. அந்தத் தீர்மானத்தை முதன்முதலில் எடுக்கும் இடமே அனிமேட்டிக்.

## தோற்றம்

கதைப்பலகை முறை 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் வளர்ந்தது. கதையின் படங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, பெரிய பலகையில் ஊசியால் குத்தி வைத்து, வேண்டியபோது இடம் மாற்றிப் பார்த்தனர். பின்னர் அப்படங்களைப் படச்சுருளில் பதிவுசெய்து, ஒலியுடன் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உருவானது. அதற்கு 'லைக்கா ரீல்' என்று பெயர். லைக்கா என்பது ஒரு ஜெர்மானியப் புகைப்படக் கருவியின் பெயர். இன்றைய அனிமேட்டிக்கின் முன்னோடி இதுவே. சில படக்கூடங்கள் இதனைக் 'கதைச்சுருள்' என்னும் பொருளில் 'ஸ்டோரி ரீல்' என்றும் அழைக்கின்றன.

கதையோட்டத்தின் குறை தாமதமாகத் தெரிந்தால் என்ன இழப்பு நேரும் என்பதற்கு 1937இல் வெளியான 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' படத்திலேயே சான்று உண்டு. குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை வார்டு கிம்பல் என்னும் இளம் கலைஞர் பல மாதங்கள் உழைத்துப் பென்சில் கோட்டோவியமாக அசைவூட்டியிருந்தார். காட்சி தனியாகப் பார்க்க நகைச்சுவையாகவே இருந்தது. ஆனால் முழுப் படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது கதை அங்கே நின்றுவிட்டது என்று கருதிய டிஸ்னி அதனை நீக்கினார். வேலையை விட்டுவிடும் மனநிலைக்குச் சென்ற கிம்பலுக்கு அடுத்த படமான 'பினோக்கியோ'வில் ஜிமினி கிரிக்கெட் பாத்திரம் கொடுக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 'டாய் ஸ்டோரி' படத்தில் நடந்தது. 1993 நவம்பரில் பிக்சார் நிறுவனத்தார் அப்படத்தின் கதைச்சுருளை டிஸ்னி நிறுவனத்தாருக்குத் திரையிட்டுக் காட்டினர். முதன்மைப் பாத்திரமான வுடி, பார்ப்பவர் வெறுக்கும் அளவுக்குக் கொடுமைக்காரனாகத் தெரிந்தான். தயாரிப்பு நிறுத்தப்பட்டது; கதை திருத்தி எழுதப்பட்டது; படம் 1995இல் வெளிவந்தது. அந்தத் திரையிடல் கடுமையான அடிதான். ஆயினும் குறை பெரும்பாலும் கோட்டோவியங்களாக இருந்தபோதே பிடிபட்டதால் திருத்த முடிந்தது.

## கால அளவின் கணக்கு

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் அசைவூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஓவியம் இரண்டு சட்டகங்களுக்கு நிற்கும். ஆகவே ஒரு வினாடிக்கு 12 ஓவியங்கள் தேவை. ஒரு ஷாட்டில் தேவையற்ற 2 வினாடிகள் இருந்தால், ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 24 ஓவியங்கள் வீணாகும். ஒவ்வொன்றுக்கும் வண்ணமும் தீட்ட வேண்டும். தனியாகப் படம் செய்யும் மாணவருக்கு அது பல நாள் வேலை. அனிமேட்டிக்கில் அதே 2 வினாடிகளை நீக்க, கணினியில் ஒரு படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும்.

## உருவாக்கும் முறை

முதலில் கதைப்பலகைக் கட்டங்கள் தனித்தனிப் படக்கோப்புகளாக மாற்றப்படுகின்றன. தாளில் வரைந்தவர் அவற்றைக் கைபேசியில் படம் எடுத்தாலே போதும். எல்லாப் படங்களும் ஒரே அகல உயர விகிதத்தில் இருக்க வேண்டும். கோப்புகளுக்கு `S03_P02.png` என்பதுபோல் ஷாட் எண்ணும் கட்ட எண்ணும் சேர்த்துப் பெயரிடுவது வழக்கம். எண்ணின் முன் சுழியம் இருந்தால்தான் கோப்புகள் சரியான வரிசையில் நிற்கும். இடையில் ஒரு ஷாட்டை நீக்கினாலும் மற்றவை குழம்பாது.

ஒரு ஷாட்டுக்கு ஒரே கட்டம் எப்போதும் போதாது. பாத்திரம் அசையாமல் நிற்கும் ஷாட்டுக்கு ஒன்று போதும். ஆனால் ஒருவன் குனிந்து ஒரு பொருளைத் தரையில் வைத்து நிமிர்கிறான் என்றால் நிற்பது, குனிவது, வைப்பது, நிமிர்வது என நான்கு கட்டங்களாவது வேண்டும். இல்லையெனில் அச்செயலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தெரியாமலேயே போய்விடும்.

இரண்டாவது, தற்காலிக ஒலி. உரையாடல் இருந்தால் அதுவே முதலில் பதியப்படும், ஏனெனில் பேச்சின் நீளம்தான் ஷாட்டின் நீளத்தைத் தீர்மானிக்கும். நடிகர்கள் கிடைக்கும்வரை படைப்பாளியே கைபேசியில் பேசிப் பதிவு செய்யலாம். கதவு, காலடி, வண்டி முதலிய ஒலிகளை வீட்டிலேயே எழுப்பிப் பதியலாம். தரம் இப்போது முக்கியமன்று. ஒலி எந்த நொடியில் தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதே முக்கியம்.

மூன்றாவது, நேரம் குறித்தல். இதற்கு நம்பத்தக்க வழி நடித்துப் பார்ப்பதுதான். நிறுத்துக்கடிகாரத்தை ஒருவர் பிடிக்க, மற்றொருவர் செயலை உண்மையாகச் செய்து காட்ட வேண்டும். மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் நேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். குடையை மடக்கி வைக்க ஒரு வினாடி போதும் என்று தோன்றும். செய்து பார்த்தால் மூன்று வினாடி ஆகும்.

நான்காவது, அடுக்குதல். பிளெண்டர், கேடன்லைவ் போன்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருள்களில் எதுவாயினும் இதற்குப் போதும். தொடங்கும்போதே திட்டத்தின் வேகத்தை 24 சட்டகங்கள் என்று அமைத்துக்கொள்ள வேண்டும். சில மென்பொருள்கள் 25 அல்லது 30 என்று தாமாகவே வைத்துக்கொள்ளும். பிறகு மாற்றினால் ஒலியும் படமும் விலகிப்போகும். காலக்கோட்டில் ஒலியை முதலில் வைத்து, அதன்மேல் படங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் நீளத்தையும் குறித்த நேரத்துக்கு இழுத்து அமைக்க வேண்டும். திரையின் ஓரத்தில் ஷாட் எண்ணும் ஓடும் நேரமும் தெரியும்படி செய்தால், பிறகு குறிப்பெடுக்க எளிது.

## ஓர் எடுத்துக்காட்டு

உரையாடல் இல்லாத ஒரு சிறு கதையை எடுத்துக்கொள்ளலாம். மழையில் ஒரு சிறுவன் குடையுடன் பேருந்துக்காகக் காத்திருக்கிறான். இருக்கைக்கு அடியில் நனைந்த நாய்க்குட்டி ஒன்று முனகுகிறது. பேருந்து வருகிறது. சிறுவன் குடையைக் குட்டியின்மேல் கவிழ்த்துவிட்டு நனைந்தபடி ஓடி ஏறுகிறான். பேருந்து புறப்பட்டதும், கவிழ்த்த குடை தானாக நடந்து பேருந்தின் பின்னே போகிறது. இக்கதை 12 ஷாட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, முதல் அனிமேட்டிக் 54 வினாடிகளில் அமைந்தது என்று கொள்வோம். திருத்தியபின் அமைந்த நேரமும் அட்டவணையில் தரப்பட்டுள்ளது.

| ஷாட் | நிகழ்வு | முதல் வடிவம் (வினாடி) | திருத்திய வடிவம் (வினாடி) |
|---|---|---|---|
| 1 | மழையில் பேருந்து நிறுத்தம், தொலைவுக் காட்சி | 8 | 5 |
| 2 | சிறுவன் சாலையை எட்டிப் பார்க்கிறான் | 5 | 3 |
| 3 | முனகல் கேட்டுத் திரும்புகிறான் | 3 | 3 |
| 4 | இருக்கைக்கு அடியில் நாய்க்குட்டி | 2 | 4 |
| 5 | இருவரும் ஒருவரையொருவர் பார்த்தல் | 6 | 4 |
| 6 | பேருந்தின் விளக்கு வெளிச்சம் | 4 | 3 |
| 7 | குடையையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தல் | 7 | 5 |
| 8 | குடையைக் குட்டியின்மேல் கவிழ்த்தல் | 3 | 4 |
| 9 | ஓடிச் சென்று ஏறுதல் | 4 | 3 |
| 10 | சன்னல் வழியே திரும்பிப் பார்த்தல் | 5 | 3 |
| 11 | பேருந்து போனபின் தனியே குடை | 4 | 5 |
| 12 | குடை நடக்கத் தொடங்குதல் | 3 | 6 |
| | மொத்தம் | 54 | 48 |

முதல் வடிவத்தைக் கதை தெரியாத நால்வருக்குப் போட்டுக் காட்டும்போது நான்கு குறைகள் வெளிப்படுகின்றன.

முதலாவது, பத்தாவது வினாடிவாக்கில் பார்ப்போரின் கண் திரையை விட்டு விலகுகிறது. முதல் 13 வினாடிகளில் மழையையும் காத்திருப்பையும் தவிர வேறொன்றும் நிகழவில்லை. குட்டி 16ஆம் வினாடியில்தான் தென்படுகிறது. படைப்பாளி மழையின் சூழலை உணர்த்த விரும்பினார். ஆனால் மழை பெய்கிறது என்பது ஒலி கேட்ட மூன்றாவது வினாடியிலேயே புரிந்துவிடுகிறது. முதலிரண்டு ஷாட்டுகளைக் குறைத்ததும் குட்டி 11ஆம் வினாடியிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது, நால்வரில் இருவர் இருக்கைக்கு அடியில் இருந்தது என்னவென்று தெரியவில்லை என்கின்றனர். படைப்பாளிக்கு அது குட்டி என்று முன்பே தெரியும். ஆகவே 2 வினாடி போதும் என்று நினைத்தார். முதல்முறை பார்ப்பவருக்கு இருட்டில் உருவத்தைத் தேடவே ஒரு வினாடி போய்விடுகிறது. இங்கே நேரத்தைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, ஷாட் 3இல் முனகல் ஒலியும் சிறுவன் திரும்புவதும் ஒரே சட்டகத்தில் தொடங்கின. அதனால் முனகல் வரும் என்று அவனுக்கு முன்பே தெரிந்ததுபோல் இருந்தது. ஒலியை 8 சட்டகங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு வினாடி, முன்னே நகர்த்தியதும் கேட்டபின் திரும்புகிறான் என்பது இயல்பாகிறது. ஷாட்டின் நீளம் மாறவில்லை. ஒலியின் இடம் மட்டுமே மாறியது. அதேபோல் பேருந்தின் இரைச்சலை ஷாட் 5 முடியும் முன்னரே தொடங்கினால், முடிவெடுக்க நேரம் குறைகிறது என்ற பதற்றம் வெளிச்சம் வருவதற்கு முன்பே உண்டாகிறது.

நான்காவதுதான் பெரிய குறை. கடைசி ஷாட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. காற்று குடையைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று ஒருவர் சொல்கிறார். மூன்று வினாடிகளில் குடை அசைவதைக் கண்டு, அதன் கீழே குட்டி இருப்பதை நினைத்து, அது சிறுவனைத் தேடிப் போகிறது என்று ஊகிக்க நேரம் இல்லை. திருத்திய வடிவத்தில் குடை முதலில் அசையாமல் நிற்கிறது, ஓரடி நகர்ந்து நிற்கிறது, பிறகு நடக்கிறது, விளிம்புக்குக் கீழே வால் தெரிகிறது. நான்கு சிறு பாதங்கள் தண்ணீரில் பதியும் ஒலியும் சேர்க்கப்படுகிறது. இந்த ஒலி முதல் வடிவத்தில் இல்லை. நேரத்தை மட்டும் நீட்டியிருந்தால் காற்று என்றே தோன்றியிருக்கும்.

மொத்த நீளம் 6 வினாடிகள்தான் குறைந்துள்ளது. ஆனால் ஏழு ஷாட்டுகளில் 13 வினாடிகள் வெட்டப்பட்டு, வேறு நான்கு ஷாட்டுகளில் 7 வினாடிகள் சேர்க்கப்பட்டுள்ளன. வெட்டிய 13 வினாடிகள் 312 சட்டகங்கள் ஆகும். அவற்றை வரைந்தபின் குறை தெரிந்திருந்தால், 156 ஓவியங்கள் வரை வீணாகியிருக்கும். 'படம் மெதுவாக இருக்கிறது' என்று கேட்டவுடன் எல்லா ஷாட்டையும் ஒரே அளவில் சுருக்குவதும் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். அப்படிச் செய்தால் முன்பே குறைவாக இருந்த ஷாட் 4உம் ஷாட் 12உம் மேலும் குறைந்திருக்கும்.

## சோதித்துப் பார்க்கும் முறை

படைப்பாளி ஒருவரே திரும்பத் திரும்பப் பார்ப்பது சோதனை ஆகாது. இருபதாவது முறை பார்ப்பவருக்கு எல்லாமே மெதுவாகத் தோன்றும். அவர் தேவையான இடைவெளிகளையும் வெட்டிவிடுவார். கதை அறியாத மூன்று முதல் ஐந்து பேரே சரியான பார்வையாளர்கள். ஒருமுறை பார்த்தவர் அடுத்த வடிவத்துக்குப் புதியவர் அல்லர். ஆகவே தெரிந்தவர்கள் அனைவரையும் முதல் திரையிடலுக்கே அழைத்துவிடக் கூடாது.

திரையிடும் முன் கதையை விளக்கக் கூடாது. 'இந்த இடத்தில் மழை பலமாகப் பெய்யும்' என்று இடையில் பேசுவதும் கூடாது. படைப்பாளி திரையைப் பாராமல் பார்ப்போரின் முகத்தைப் பார்த்து, கண் விலகும் நேரத்தையும் புருவம் சுருங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்தபின் 'நன்றாக இருந்ததா' என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். 'என்ன நடந்தது என்று சொல்லுங்கள்' என்று கேட்டால், அவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதையிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்த்தால், படங்கள் மட்டும் கதை சொல்கின்றனவா என்பது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டால், எங்கே நீண்ட வெறுமை இருக்கிறது என்பது தெரியும்.

## ஏமாற்றும் இரண்டு காரணங்கள்

முதலாவது இசை. நல்ல பாடலின் இசையை அடியில் ஓடவிட்டால் மந்தமான காட்சியும் ஓட்டமாகத் தோன்றும். இசையை எடுத்துவிட்டுப் பார்க்கும்போதே உண்மை தெரியும். மேலும், தற்காலிகமாக வைத்த இசைக்கேற்பப் படங்களை வெட்டிவிட்டால், அந்த இசையைப் பயன்படுத்த உரிமை கிடைக்காதபோது முழு ஓட்டமும் குலைந்துபோகும். ஆகவே முதல் வடிவத்தைப் பேச்சும் சூழல் ஒலியும் மட்டும் கொண்டு அமைப்பது நல்லது.

இரண்டாவது, அசையாப் படத்தின் இயல்பு. அசையாத ஓவியம் 5 வினாடி நின்றால் நீளமாகத் தோன்றும். அதே 5 வினாடியில் பாத்திரம் அசைந்து நடித்தால் அவ்வாறு தோன்றாது. இதனை மறந்து, சலிப்புத் தட்டும் ஒவ்வோர் இடத்தையும் வெட்டிவிட்டால், பிறகு நடிப்புக்கு இடமே இருக்காது. எடுத்துக்காட்டில் ஷாட் 7 அத்தகையது. சிறுவன் முடிவெடுக்கும் நேரம் அது. வெட்டும் முன், குடையைப் பார்ப்பது, குட்டியைப் பார்ப்பது, மீண்டும் குடையைப் பார்ப்பது என மூன்று கட்டங்களை வரைந்து வைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் நீளமாகத் தோன்றினால்தான் குறைக்க வேண்டும். 7 வினாடி 5 ஆனது அவ்வாறுதான். 3 ஆக்கியிருந்தால் அவன் தயங்கியதே தெரியாமல் போயிருக்கும்.

## முடிவு செய்தலும் எல்லைகளும்

இரண்டு அல்லது மூன்று திருத்தங்களுக்குப் பின், புதியவர்கள் கதையைச் சரியாகத் திருப்பிச் சொல்லும் நிலை வந்ததும் அனிமேட்டிக் முடிவு செய்யப்படுகிறது. அப்போது ஒவ்வொரு ஷாட்டின் சட்டக எண்ணிக்கையும் எழுதி வைக்கப்படும். 4 வினாடி உள்ள ஷாட் 8க்கு 96 சட்டகங்கள். ஓவியர் இந்த எண்ணிக்கையை எக்ஸ்போஷர் தாளில் எழுதிக்கொண்டு, எந்தச் சட்டகத்தில் எந்த ஓவியம், எந்த ஒலி என்று நிரப்புகிறார். வரைந்து முடிந்த ஷாட் ஒவ்வொன்றும் காலக்கோட்டில் பழைய கோட்டோவியத்தின் இடத்தில் வைக்கப்படும். அனிமேட்டிக் இவ்வாறு சிறிது சிறிதாக முழுப் படமாக மாறுகிறது.

முகபாவத்தின் நுட்பம், அசைவின் அழகு, வண்ணத்தின் பொருத்தம் ஆகியவற்றை அனிமேட்டிக்கால் சோதிக்க முடியாது. குட்டியின் கண்கள் பார்ப்பவர் மனத்தை உருக்குமா என்பது வரைந்தபின்தான் தெரியும். ஆயினும் அக்கண்களைப் பார்க்கப் போதிய நேரம் கொடுக்கப்பட்டுள்ளதா என்பது வரைவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.